புதிய துறைத்தலைவராக முதல் பேச்சு: மிஸ்ஸிகளிடமும் ஹவுஸ்மேன்களிடமும் என்ன சொல்வது?

தீவுக்காரி

எல்லோருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் பல வருடம் பிசிஷனாக இருந்துவிட்டு அடுத்த மாதம் பினாங்குக்கே திரும்புகிறேன். இங்கே ஓர் அரசு மருத்துவமனையில் மெடிக்கல் துறைக்குத் தலைவர். மருத்துவமனை பெயர் வேண்டாம். ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தாலும் வாயைத் திறக்காதீர்கள்.

முதல் திங்கட்கிழமை காலை 8 மணிக்கு செமினார் அறையில் நர்ஸ் மிஸ்ஸிகள், பயிற்சி டாக்டர்களான ஹவுஸ்மேன்கள், அவர்களுக்கு மேலே இருக்கும் எம்.ஓ.க்கள் எல்லோரையும் கூப்பிட்டு என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு என் திட்டங்களைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். 14 ஸ்லைடு தயார். என் பின்னணி, துறையின் தொலைநோக்கு, அப்புறம் மூன்று வாக்குறுதிகள். ரோஸ்டர் எல்லோருக்கும் நியாயமாக இருக்கும். புதன்கிழமைதோறும் வகுப்பு நடக்கும். என் அறைக் கதவு எப்போதும் திறந்திருக்கும், யாரும் எந்நேரமும் வந்து பேசலாம். நாசி லெமாக்கும் சொல்லியாயிற்று.

எழுதி முடித்துவிட்டுப் படித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. நான் ஹவுஸ்மேனாக இருந்தபோது இப்படி எத்தனை பேச்சு கேட்டிருக்கிறேன், அதில் ஒரு வரி கூட நினைவில் இல்லை. இந்தக் குழுவில் வார்டில் வேலை செய்தவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். ஸ்லைடின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சொல்லுங்கள், எதை வெட்டுவது, எதை வைப்பது?

பழைய சிஸ்டர்

டாக்டர், வாழ்த்துகள். முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றவள் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் அந்த 8 மணியை விடுங்கள். காலை ஷிஃப்ட் 7 மணிக்கு இரவு ஷிஃப்டிடமிருந்து பாஸ் ஓவர் எடுத்து, மருந்து கொடுத்து, ரத்தம் எடுக்க உதவி, ரவுண்டுக்குத் தயாராகிற நேரம் அது. செமினார் அறைக்கு யார் வருவார்கள்? சிஸ்டர் இரண்டு பேரை அனுப்பி வைப்பார், பெரும்பாலும் வார்டில் இல்லாவிட்டாலும் சமாளிக்கக்கூடிய இரண்டு பேரை. இரவு ஷிஃப்ட் முடித்தவள் 7 மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவாள். உங்கள் நாசி லெமாக்கை டாக்டர்கள்தான் சாப்பிடுவார்கள். நீங்களே வார்டுக்கு வாருங்கள். பிற்பகல் 2 மணிக்குக் காலை ஷிஃப்டும் மதிய ஷிஃப்டும் கவுன்ட்டரில் சேர்ந்து நிற்கும். ஒரு நாள் அங்கே, இன்னொரு நாள் இரவு 9 மணிக்கு. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், நின்றுகொண்டே பேசுங்கள். ஸ்லைடு எதற்கு?

இரண்டாவது, ரோஸ்டர். அது உங்கள் கையில் இல்லையே டாக்டர். நர்ஸ் ரோஸ்டரை வார்டு சிஸ்டர் போடுவார், அவருக்கு மேலே மேட்ரன். நர்ஸ்களுக்கு நீங்கள் துறைத்தலைவர், ஆனால் லீவுக்குக் கையெழுத்துப் போடுபவர் நீங்கள் இல்லை. மேட்ரனிடம் சொல்லாமல் நீங்கள் ரோஸ்டரைப் பற்றி வாயெடுத்தால் அன்று மாலைக்குள் அது அவர் காதுக்கு வேறு மாதிரி போய்ச்சேரும். பேச்சுக்கு முந்தின வாரமே மேட்ரன் அறைக்குப் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்றாவதைத்தான் உண்மையில் சொல்ல வந்தேன். நர்ஸ் ரிப்போர்ட்டில் "டாக்டர் இன்ஃபார்ம்ட்" என்ற ஒரு வரி எத்தனை இரவு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். மணி 2.10, டாக்டர் இன்ஃபார்ம்ட். மணி 3.00, டாக்டர் இன்ஃபார்ம்ட். டாக்டர் வந்தாரா, பார்த்தாரா, ஒன்றும் இருக்காது. நாளைக்கு விசாரணை வந்தால் நான் சொல்லிவிட்டேன் என்பதற்கு நர்ஸ் வைத்துக்கொள்ளும் சாட்சி அது. நானே ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். அந்த வரிக்கு அப்புறம் அந்தப் பெண் யாரைக் கூப்பிட வேண்டும், அதைச் சொல்லுங்கள் போதும். மற்ற 13 ஸ்லைடையும் தூக்கி ஓரமாக வையுங்கள்.

செந்தூல் செல்வம்

டாக்டர்கள் வார்டில் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வது ரொம்ப முக்கியம், நல்ல தலைப்பு போட்டீர்கள். என் அம்மா ஒன்பது நாள் வார்டில் இருந்தார். தினமும் காலையில் ஏழெட்டு டாக்டர்கள் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள், யார் பெரியவர் யார் சின்னவர் என்றே தெரியாது. நான் பாட்டுக்கு ஒரு தம்பியிடம் நாலு நாள் "ஸ்பெஷலிஸ்ட், ஸ்பெஷலிஸ்ட்" என்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன், ஐந்தாம் நாள்தான் அவர் வெட்கப்பட்டுக்கொண்டு "அங்கிள், நான் ஹவுஸ்மேன்" என்றார். பெயர் பட்டை கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது.

தீவுக்காரி

செல்வம் அண்ணே, நான் கேட்டது நோயாளிகளிடம் பேசுவதைப் பற்றி இல்லை, என் கீழே வேலை செய்பவர்களிடம் பேசுவதைப் பற்றி. ஆனாலும் அந்தப் பெயர் பட்டையைக் குறித்துக்கொண்டேன்.

சிஸ்டர், நீங்கள் சொன்ன அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது போஸ்டிங்

நான் இப்போது மூன்றாவது போஸ்டிங்கில் இருக்கும் ஹவுஸ்மேன், வேறு மாநிலம். டாக்டர், "கதவு திறந்திருக்கும்" என்பதை இதுவரை மூன்று துறைத்தலைவர்களிடம் கேட்டுவிட்டேன், மூன்று பேருமே நல்லவர்கள்தான். ஆனால் யார் அந்தக் கதவுக்குள் போவார்கள் என்று யோசியுங்கள். என் லாக் புக்கில் கையெழுத்து உங்கள் துறையில்தான் ஆக வேண்டும். பயிற்சி நீண்டு எக்ஸ்டெண்ட் ஆகிறேனா இல்லையா என்று முடிவு செய்யும் கூட்டத்தில் நீங்கள்தான் நடுவில் உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு எம்.ஓ. இரவில் போன் எடுப்பதில்லை என்று நான் வந்து சொன்னால், அடுத்த ஆன் காலில் அவருக்குக் கீழேதான் நான் வேலை செய்ய வேண்டும்.

இன்னொன்று. எங்களுக்கு ஒரு போஸ்டிங் என்பது நான்கு மாதம். முதலில் சீனியர் பின்னாலேயே சுற்றும் டேகிங், அப்புறம் வார்டு பழகுவதற்கே ஒரு மாதம், கடைசியில் மதிப்பீடு. ஒரு வருடத்தில் துறையை மாற்றப்போகிறேன் என்று சொன்னால் அதை நாங்கள் பார்க்கப்போவதில்லை, அப்போது வேறு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான்கு வாரத்துக்குள் நடந்ததா நடக்கவில்லையா என்று எங்களுக்கே தெரிகிற மாதிரி ஒன்று சொல்லுங்கள், ஒன்றே ஒன்று.

சிஸ்டர் சொன்ன "டாக்டர் இன்ஃபார்ம்ட்" விஷயத்தில் எங்கள் பக்கமும் சொல்ல வேண்டும். அந்த 2.10க்கு நான் வேறு வார்டில் புது அட்மிஷன் கிளார்க் பண்ணிக்கொண்டிருப்பேன், கையில் ஊசி. மிஸ்ஸி போனில் "டாக்டர், பெட் 14 பிரஷர் 106" என்பார். மோசமா, சாதாரணமா, வரச்சொல்கிறாரா, தெரியப்படுத்துகிறாரா என்று குரலில் இருந்துதான் ஊகிக்க வேண்டும். "ஓகே, நோட்டட்" என்று சொல்லிவிடுவேன். தப்புதான்.

தரக்கட்டுப்பாடு

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? நான் தனியார் மருத்துவமனையில் தரப் பிரிவில் இருக்கிறேன். நியூஸ் ஸ்கோர் என்று ஒன்று இருக்கிறது, பிரிட்டனில் 2012இல் வந்தது, 2017இல் திருத்தினார்கள். மூச்சு, ஆக்ஸிஜன், பிரஷர், நாடி, நினைவு, காய்ச்சல், ஒவ்வொன்றுக்கும் எண். கூட்டினால் 5 வந்தால் அவசரமாக டாக்டர் வந்து பார்க்க வேண்டும், 7 வந்தால் பெரிய டீமையே கூப்பிட வேண்டும். நர்ஸின் குரலை யாரும் ஊகிக்க வேண்டாம், எண் பேசும். 5க்குக் கீழே இருந்தால் டாக்டரை எழுப்பவே தேவையில்லை, அதனால் ஹவுஸ்மேனுக்கும் நிம்மதி. முதல் பேச்சில் இதை அறிவியுங்கள், மாதாமாதம் எத்தனை சதவீதம் கடைப்பிடித்தார்கள் என்று கேபிஐ போடுங்கள். முடிந்தது.

தீவுக்காரி

தரக்கட்டுப்பாடு, பாதிதான் சரி. நியூஸ் ஸ்கோர் நல்ல கருவி, எனக்கும் பிடிக்கும். ஆனால் "5க்குக் கீழே எழுப்ப வேண்டாம்" என்று நீங்களாகச் சேர்த்துக்கொண்டீர்கள். மொத்தம் குறைவாக இருந்தாலும் ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்துவிட்டால் டாக்டர் வந்து பார்க்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அதுவும் போதாது என்பதற்கு ஒரு கேஸ் சொல்கிறேன். நான் எம்.ஓ.வாக இருந்த காலம், ஊர் பெயர் வேண்டாம், அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியும் இருக்கிறேன்.

முப்பது வயதுப் பக்கம், டெங்கி, ஐந்தாம் நாள். முந்தின மாலை காய்ச்சல் விட்டிருந்தது, அவர் மனைவி "குணமாகிவிட்டது" என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். இரவு 1 மணிக்கு பிரஷர் 118/78, நாடி 92. மணி 3க்கு பிரஷர் 106/86, நாடி 112. மூச்சு 20, ஆக்ஸிஜன் 98, காய்ச்சல் இல்லை, நினைவு தெளிவு. இதற்கு நியூஸ் ஸ்கோர் போட்டுப் பாருங்கள். பிரஷருக்கு 1, நாடிக்கு 2, மொத்தம் 3. தனியாக எதிலும் 3 இல்லை. உங்கள் கணக்கில் ஹவுஸ்மேன் தூங்கலாம்.

ஆனால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 1 மணிக்கு 40, 3 மணிக்கு 20. டெங்கியில் காய்ச்சல் விடும் நேரத்தில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது, உடம்பு குழாய்களை இறுக்கிப் பிடித்து மேல் எண்ணைக் காப்பாற்றுகிறது, அதனால் கீழ் எண் ஏறுகிறது. இடைவெளி 20க்கு வந்துவிட்டால் அது ஷாக். மேல் எண் 106 என்பது வெறும் ஏமாற்று. அன்று ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் ஹீமேட்டோக்ரிட்டும் 42இலிருந்து 51க்கு ஏறியிருந்தது, ஆனால் எல்லோர் கண்ணும் பிளேட்லெட் மேலேயே. ரத்தக்கசிவு இல்லை, அப்புறம் என்ன என்று.

அந்த இரவு ஷிஃப்ட் மிஸ்ஸிக்கு இடைவெளிக் கணக்கு தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் நோயாளியின் கையைத் தொட்டார், சில்லென்று இருந்தது. ஹவுஸ்மேனுக்குப் போன் செய்தார். ஹவுஸ்மேன் "சிஸ்டாலிக் 100க்கு மேலேதானே, காலையில் பார்க்கிறேன்" என்றார். மிஸ்ஸி எழுதினார், டாக்டர் இன்ஃபார்ம்ட். ஐந்தரைக்கு நாடி 132, பிரஷர் 84, மூச்சு 24. இப்போது ஸ்கோர் 8, இப்போது எல்லோரும் ஓடி வந்தோம், நானும் உட்பட. ஐ.சி.யூ.வில் ஆறு நாள் கிடந்து பிழைத்துக்கொண்டார்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் எம்.ஓ. நான் இரண்டு மாடி தள்ளித்தான் இருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஹவுஸ்மேனைத் தாண்டி எம்.ஓ.வைக் கூப்பிடலாம் என்று அந்த மிஸ்ஸிக்கு யாரும் சொன்னதே இல்லை.

தரக்கட்டுப்பாடு

டெங்கிக்குத் தனி சார்ட் வைத்துவிட்டால் போயிற்று. இது ஸ்கோரின் தப்பு இல்லை, பயன்படுத்தியவர்களின் தப்பு. எண் இல்லாமல் "மிஸ்ஸிக்குக் கவலையாக இருக்கிறது" என்று வைத்தால் நாளைக்கு எதை வைத்து ஆடிட் பண்ணுவீர்கள்?

கே.எல். மெடிக்கல்

ஆடிட் பண்ண வேண்டியது எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்பதை இல்லை, கூப்பிட்டபோது யார் எடுக்கவில்லை என்பதை. நான் ஆறு வருடமாகத் துறைத்தலைவர், இந்த விஷயத்தில் அடி வாங்கியவன்.

என் முதல் பேச்சில் நான் "யார் வேண்டுமானாலும் நேரடியாக ஸ்பெஷலிஸ்டைக் கூப்பிடலாம்" என்று வீரமாகச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அதை என் ஸ்பெஷலிஸ்டுகளிடம் முன்கூட்டியே பேசவில்லை. மூன்றாம் இரவு ஒரு ஸ்டாஃப் நர்ஸ் நம்பிக் கூப்பிட்டாள். எதிர்முனையில் "உன் எம்.ஓ. எங்கே? எம்.ஓ.விடம் சொல்" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். ஒரே ஒரு போன். காலை 7 மணி பாஸ் ஓவருக்குள் அந்தக் கதை எல்லா வார்டுக்கும் போய்விட்டது. அப்புறம் ஒன்பது மாதம் யாருமே கூப்பிடவில்லை. நான் அறிவித்தது இருந்ததைவிட மோசமாக்கியதுதான் மிச்சம்.

அதனால் தீவுக்காரி, வரிசையை மாற்றுங்கள். முதலில் உங்கள் ஸ்பெஷலிஸ்டுகள், தனியாக, மூடிய அறையில். இரவு 3 மணிக்கு நர்ஸ் கூப்பிட்டால் என்ன பதில் சொல்வார்கள் என்று ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். ஒருவராவது முகம் சுளித்தால் அந்த வாரம் அறிவிக்காதீர்கள். அப்புறம் எம்.ஓ.க்கள், தங்களைத் தாண்டிப் போவது புகார் இல்லை என்று அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டும். அதற்கு அப்புறம்தான் நர்ஸ் கவுன்ட்டர்.

நேரத்தையும் சொல்லிவிடுங்கள், "சீக்கிரம்" என்று விடாதீர்கள். நாங்கள் வைத்திருப்பது: ஹவுஸ்மேன் பத்து நிமிடத்தில் கட்டில் பக்கம் இல்லை என்றால் எம்.ஓ., அவரும் பத்து நிமிடத்தில் எடுக்கவில்லை அல்லது வரவில்லை என்றால் ஆன் கால் ஸ்பெஷலிஸ்ட், அவரும் எடுக்கவில்லை என்றால் நான். பத்து என்பது எங்கள் கட்டடத்துக்கு, உங்கள் பிளாக் தள்ளித் தள்ளி இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். போனில் முதல் வாக்கியத்திலேயே "வந்து பாருங்கள்" அல்லது "தெரியப்படுத்துகிறேன்" என்று நர்ஸ் சொல்லிவிட வேண்டும். அந்தத் தம்பி சொன்ன "நோட்டட்" பிரச்சினை பாதி அதிலேயே போய்விடும்.

அப்புறம் சின்ன விஷயம், ஆனால் நான் இதில்தான் மாட்டினேன். கவுன்ட்டரில் ஒட்டியிருக்கும் ஆன் கால் பட்டியலைப் போய்ப் பாருங்கள். போன மாதத்துடையதாக இருக்கும், அல்லது மாறிப்போன ஒருவரின் நம்பர் இருக்கும்.

இரவுப்பணி

நான் ஸ்டாஃப் நர்ஸ், மெடிக்கல் வார்டு, இந்த வாரம் நைட். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் எம்.ஓ.வைத் தாண்டி ஸ்பெஷலிஸ்டைக் கூப்பிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெஷலிஸ்ட் நல்லவிதமாகப் பேசி வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் இரவு அதே எம்.ஓ.வோடுதான் நான் நிற்க வேண்டும். அவர் திட்டமாட்டார். ஆனால் நான் கேட்கும் எல்லாவற்றுக்கும் "ஸ்பெஷலிஸ்டையே கேளுங்கள் மிஸ்ஸி" என்பார். இது எந்த இன்சிடென்ட் ரிப்போர்ட்டிலும் வராது. இதற்கு என்ன செய்வீர்கள்?

இன்னொன்று, வார்டில் இருபத்தெட்டு கட்டில், சில இரவு மூன்று பேர்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் பக்கத்தில் நின்றால் மற்றவர்களை யார் பார்ப்பது?

பழைய சிஸ்டர்

மிஸ்ஸி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் இருந்த காலத்தில் அந்த எம்.ஓ.வைத் தனியாகக் கூப்பிட்டு நானே நாலு வார்த்தை சொல்லிவிடுவேன், அது சிஸ்டரின் வயதுக்குக் கிடைத்த சலுகை. ஜூனியர் ஸ்டாஃப் நர்ஸுக்கு அது கிடையாது.

தீவுக்காரி

வேலையில் சேர்ந்து ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

14 ஸ்லைடையும் காட்டவே இல்லை. முதல் வாரம் பேச்சே கிடையாது. மேட்ரனைப் போய்ப் பார்த்தேன், தே தாரிக் இல்லை, அவர் கொடுத்த கோப்பி ஓ. ரோஸ்டர் பக்கம் வரமாட்டேன் என்று நானே முதலில் சொல்லிவிட்டேன், அதற்கப்புறம் அவர் முகமே மாறிவிட்டது. ஸ்பெஷலிஸ்டுகள் நான்கு பேர். மூன்று பேர் உடனே சரி என்றார்கள். நான்காமவர், என்னைவிட சீனியர், "சும்மா சும்மா கூப்பிடுவார்கள்" என்றார். பேசிப் பார்த்தேன், முழு மனதில்லை. கடைசியில் முதல் மாதம் அவர் ஆன் கால் இரவுகளில் மட்டும் மூன்றாவது போன் நேராக எனக்கே வரட்டும் என்று முடிவு செய்தோம். இது தப்பான சமரசமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது வாரம் மூன்று வார்டிலும் 2 மணிக்கு, அப்புறம் ஓர் இரவு 9 மணிக்கு. மலாயில்தான் பேசினேன். பெயர், எங்கே இருந்து வருகிறேன், இரண்டு வரி. அப்புறம் அந்த டெங்கிக் கேஸை எண்களோடு சொன்னேன், எம்.ஓ. நான்தான் என்பதையும். ஒரு வெள்ளைத் தாளில் 106/86 என்று எழுதிக் காட்டி இதில் என்ன தப்பு என்று கேட்டேன். ஹவுஸ்மேன்கள் ஸ்கோர் கூட்டினார்கள். ஒரு மூத்த ஸ்டாஃப் நர்ஸ் "கை சில்லென்று இருக்கும்" என்றார். அதற்கப்புறம் எனக்குப் பேச அதிகம் இல்லை. வாக்குறுதி ஒன்றுதான்: பத்து நிமிடம், பத்து நிமிடம், அடுத்தவர், கடைசியில் நான், காரணம் "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்பது மட்டுமே என்றாலும் போதும். கவுன்ட்டர் பட்டியலைப் பார்த்தேன், கே.எல். மெடிக்கல் சொன்ன மாதிரியே ஒரு நம்பர் மாறிப்போனவருடையது.

ஹவுஸ்மேன்களிடம் இன்னொன்றும் சொன்னேன். எம்.ஓ. எடுக்கவில்லை என்று மேலே கூப்பிட்டது யாருடைய மதிப்பீட்டிலும் வராது, அந்த போன் பட்டியலை நான் மட்டும் பார்ப்பேன். நம்பினார்களா என்று தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முதல் மூன்று வாரத்தில் மேலே வந்த போன் ஏழு. எனக்கே வந்தது இரண்டு. ஒன்று விடியற்காலை 3.20, வெறும் பிரஷர் மெஷின் கோளாறு, கையில் சுற்றும் கஃப் சின்னதாகப் போட்டிருந்தார்கள். தூக்கக் கலக்கத்தில் வாய் வரைக்கும் வந்துவிட்டது, கே.எல். மெடிக்கல் சொன்ன அந்த ஒரே ஒரு போன் ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன். அந்த ஏழில் இரண்டு உண்மையிலேயே அவசரம்.

மிஸ்ஸி கேட்ட "ஸ்பெஷலிஸ்டையே கேளுங்கள்" விஷயம் நடந்துவிட்டது, ஒரு எம்.ஓ. அதே வார்த்தைகளில் சொல்லியிருக்கிறார். என்னிடம் யாரும் வந்து சொல்லவில்லை, சிஸ்டர் வழியாக வந்தது. அவரை எப்படிக் கேட்பது, கேட்டால் யார் சொன்னது என்று தெரிந்துபோகுமே. யாராவது இதைச் செய்திருக்கிறீர்களா?

கே.எல். மெடிக்கல்

அவரை மட்டும் கூப்பிடாதீர்கள். அடுத்த எம்.ஓ. ரோஸ்டர் போடும்போது எல்லா எம்.ஓ.க்களோடும் அந்த ஏழு போனையும் பெயர் இல்லாமல் எடுத்து வைத்துப் பேசுங்கள், எது ஏன் மேலே போனது என்று. நான் அப்படித்தான் செய்தேன். ஒருவர் திருந்தினார், இன்னொருவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

இரவுப்பணி

டாக்டர், அந்த 3.20 மிஸ்ஸிக்கு மறுபடி நைட் எப்போது? அவள் அடுத்த தடவை கூப்பிடுகிறாளா என்று பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.